விலை ஏறுச்சுன்னா சப்ளை ஷாக்கா, டிமாண்ட் ஷாக்கா? சேலம் பூ மார்க்கெட்ட வச்சு கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

பதினொரு வருஷமா காலேஜ் பசங்களுக்கு எகனாமிக்ஸ் ட்யூஷன் எடுக்கறேன், சேலத்துல தான். இந்த ஒரு பாடத்துல மட்டும் எல்லா பேட்ச்சும் ஒரே இடத்துல வழுக்கி விழுவாங்க. புக்குல இருக்கற கோடுகள அழகா வரைஞ்சிருவாங்க, ஆனா "இன்னிக்கு குண்டுமல்லி கிலோ 600, போன வாரம் 400, என்ன ஆச்சு சொல்லு"ன்னு கேட்டா முழிப்பாங்க. ஏன்னா புக்கு ஷாக்க, அதாவது வர்ற சரக்குலயோ வாங்குறவங்க தேவைலயோ எதிர்பாராம விழற அடிய, சொல்லிட்டு விலை என்ன ஆகும்னு கேக்குது, மார்க்கெட்டு விலைய காட்டிட்டு ஷாக் என்னன்னு கேக்குது. தலைகீழ் கணக்கு. அந்த தலைகீழ் கணக்க எந்த வரிசைல போடணும்னு தான் கீழ எழுதியிருக்கேன். வரிசைய மாத்தினா தப்பு வரும், எங்க வரும்னும் சொல்றேன்.

முதல்ல கைல என்ன வேணும்

ஒரு நோட்டு. அதுல மூணே மூணு காலம்: தேதி, விலை, வரத்து. வரத்துன்னா எத்தனை கிலோ வந்துச்சுங்கறது. விலைய எல்லாரும் எழுதிடுவாங்க, பேப்பர்லயே வரும். வரத்த கேட்டு வாங்கறது தான் கஷ்டம், வ.உ.சி. மார்க்கெட்ல காலைல போய் நின்னா தான் கிடைக்கும், அதுவும் ஏலம் முடிஞ்சு கடைக்காரர் கொஞ்சம் ஓய்வா இருக்கற நேரமா பாத்து கேக்கணும். ஆனா வரத்து இல்லாம இந்த கணக்கு ஒரு அடி கூட நகராது. விலை ஏறுறதுக்கு சப்ளை குறைஞ்சாலும் காரணம், டிமாண்ட் கூடினாலும் காரணம், விலைய மட்டும் பாத்துட்டு எதுன்னு சொல்றது ஜோசியம்.

ரகத்த கலக்காதீங்க. குண்டுமல்லின்னா குண்டுமல்லி மட்டும். முல்லை, அரளி, சம்பங்கி எல்லாத்தையும் சேர்த்து "பூ விலை"ன்னு எழுதினா ஒண்ணு ஏற ஒண்ணு இறங்க, கடைசில எதுவுமே நடக்காத மாதிரி தெரியும்.

1. எந்த மார்க்கெட்ட பாக்கறோம்னு கோடு போடுங்க

சேலம் மார்க்கெட் மட்டுமா, தமிழ்நாடு முழுக்கவா, உலகமா? இத முதல்லயே முடிவு பண்ணணும். ஒரே சம்பவம் ஒரு கோட்டுக்குள்ள சப்ளை ஷாக்கா இருக்கும், இன்னொரு கோட்டுக்குள்ள டிமாண்ட் ஷாக் மாதிரி நடந்துக்கும். இப்போதைக்கு அப்படியே நம்பிக்கோங்க, ஆறாவது படில ஏற்காடு காப்பிய வச்சு காட்டறேன்.

இப்போ நம்ம கோடு: சேலம் மார்க்கெட், குண்டுமல்லி, ஒரு நாள்.

2. கிலோவ எடுங்க, ரூபாய எடுக்காதீங்க

"சார், வரத்து கிடைக்கல, ஆனா மொத்தம் எவ்ளோ ரூபாய்க்கு வியாபாரம் ஆச்சுன்னு கிடைச்சுது, அத போடலாமா?"ன்னு கேப்பாங்க. கூடாது தம்பி. ரூபாய்க்குள்ள விலையும் ஒளிஞ்சிருக்கு. பூ பாதியா வந்தாலும் விலை மூணு மடங்கு ஆனா வியாபாரம் கூடின மாதிரி தெரியும், நீங்க "ஓஹோ ஜனங்க நிறைய வாங்கியிருக்காங்க"ன்னு எழுதிட்டு வருவீங்க. நாலாவது படில இத நம்பர்லயே பாக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், வந்ததும் வித்ததும் ஒண்ணு இல்ல. டல்லான நாள்ல மிச்சம் ஆகற பூ சென்ட் ஃபேக்டரிக்கு கம்மி ரேட்ல போயிரும். உங்களுக்கு வேண்டியது பூக்காரங்க கைக்கு போன கிலோ. பிஸியான நாள்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், டல் நாள்ல மட்டும் கழிச்சுக்கோங்க.

3. எந்த நாளோட ஒப்பிடறீங்கன்னு பாருங்க

நேத்தோட ஒப்பிடறது தான் எல்லாரும் செய்யற தப்பு. நேத்து முகூர்த்த நாள், இன்னிக்கு சாதா நாள்னா விலை இறங்கத்தான் செய்யும், அது ஷாக் இல்ல, காலண்டர். ஷாக்னா எதிர்பாத்ததுல இருந்து விலகினது. அதனால சாதா நாள சாதா நாளோட, முகூர்த்தத்த முகூர்த்தத்தோட, பனி மாசத்த போன வருஷ பனி மாசத்தோட வைங்க. (கீழ வர்ற கணக்குல முகூர்த்தத்தயும் பனியையும் நான் ஷாக்னே சொல்றேன், திசை பளிச்சுனு தெரியணும்னு. நெசமா பதிவு பண்றப்போ காலண்டர கழிச்சிருங்க.)

காலண்டரும் ஊருக்கு ஊரு மாறும். வெளியூர் பையன் ஒருத்தன் "ஆடில கல்யாணம் இல்ல, அதனால டிமாண்ட் விழும்"னு எழுதிட்டு வந்தான். புக்கு லாஜிக் சரி. ஆனா சேலத்துல ஆடி மாசம்னா கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊரே பூவா நிக்கும். அந்த பையன் அந்த வாரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டான்.

4. விலையும் அளவும் ஒரே பக்கம் போகுதா, எதிரெதிரா போகுதான்னு பாருங்க

இது தான் மொத்த விஷயத்தோட கரு, இங்க கொஞ்சம் நிதானமா உக்காருங்க.

சும்மா கணக்குக்கு ஒரு மார்க்கெட் வச்சுக்கலாம், நான் போட்ட நம்பர், நெசமான ஏல விலை இல்ல. P விலை, Q கிலோ.

```
வாங்குறவங்க:  Q = 1400 - P
கொண்டுவர்றவங்க: Q = 600 + P
```

அதாவது கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினா வாங்குறவங்க ஒரு கிலோ குறைச்சுக்குவாங்க, கொண்டுவர்றவங்க ஒரு கிலோ கூட கொண்டுவருவாங்க. காலைல பறிச்ச பூ தானே, எங்கிருந்து கூட வரும்னு கேப்பீங்க. வேற ஊருக்கு போக வேண்டிய லோடு ரேட்ட பாத்து சேலத்துக்கு திரும்பும், சென்ட் ஃபேக்டரிக்கு போக இருந்தது மார்க்கெட்டுக்கு வரும். ரெண்டையும் சமம் போட்டா விலை 400, அளவு 1000 கிலோ. இது சாதா நாள்.

இப்போ பனி. பனமரத்துப்பட்டி பக்கம் செடில மொட்டு கம்மி, எந்த விலைக்கும் முன்ன வந்தத விட 400 கிலோ குறைவா தான் வரும். அப்போ கொண்டுவர்றவங்க கோடு, அதாவது அவங்க சமன்பாடு, Q = 200 + P. வாங்குறவங்க கோடு மாறல. சமம் போடுங்க: விலை 600, அளவு 800.

அடுத்து பனிய எடுத்துட்டு முகூர்த்தத்த வைங்க. செடி பழையபடி, ஆனா எந்த விலைலயும் 400 கிலோ கூட வேணும்ங்கறாங்க. வாங்குறவங்க கோடு Q = 1800 - P, கொண்டுவர்றவங்க கோடு பழைய 600 + P. விலை 600, அளவு 1200.

ரெண்டுலயும் விலை அதே 600. பேப்பர்ல ரெண்டு நாளும் ஒரே செய்தி தான் வரும், "மல்லி விலை எகிறியது". ஆனா ஒரு நாள் 800 கிலோ, இன்னொரு நாள் 1200 கிலோ. விலையும் அளவும் எதிரெதிரா போனா சப்ளை ஷாக். ரெண்டும் கைகோத்து ஒரே பக்கம் போனா டிமாண்ட் ஷாக். இறங்கறப்பவும் இதே தான்: கோடைல செடி கொட்டி கொடுத்து வரத்து கூடி விலை விழுந்தா சப்ளை, கல்யாணமே இல்லாத நாள்ல வரத்தும் விலையும் சேர்ந்து விழுந்தா டிமாண்ட்.

இப்போ ரூபாய் தப்புக்கு வாங்க. சாதா நாள் வியாபாரம் 400 தடவை 1000, நாலு லட்சம். பனி நாள் 600 தடவை 800, நாலு லட்சத்து எண்பதாயிரம். பூ குறைஞ்ச நாள்ல வியாபாரம் 80 ஆயிரம் கூடியிருக்கு! ரூபாய மட்டும் வச்சிருந்த பையன் "விலையும் ஏறுச்சு வியாபாரமும் ஏறுச்சு, அப்போ டிமாண்ட் ஷாக்"னு எழுதுவான். அப்பட்டமா தப்பு, ஆனா அவன் மேல கோவமே வராது, அவ்ளோ நம்பற மாதிரி இருக்கும்.

இதே இடத்துல இன்னொரு குழி இருக்கு. பனி நாள்ல ஜனங்க 1000 கிலோவுக்கு பதிலா 800 தான் வாங்கினாங்க, உடனே "விலை ஏறினதால டிமாண்ட் குறைஞ்சுடுச்சு, டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும், அப்போ விலை இறங்கணுமே"ன்னு சுத்திக்கிட்டே இருப்பாங்க. டிமாண்ட் குறையல. அவங்க கோடு அதே 1400 - P தான், விலை 600 போட்டா 800 வருது பாருங்க. அதே கோட்டுல மேல ஏறி நின்னுக்கிட்டாங்க, கோடு நகரல. நகர்ந்தது எந்த கோடுன்னு கேளுங்க, எந்த புள்ளின்னு கேக்காதீங்க. நான் பசங்கள பேனாவால அந்த சமன்பாட்ட திரும்ப எழுத வைப்பேன், மாறின நம்பர் எதுல இருக்கோ அது தான் அடி வாங்கின பக்கம்.

5. அளவு அசையவே இல்லன்னா அவசரப்படாதீங்க

தை மாசம் இது தான் நடக்கும். பனி விலகல, பொங்கல் வந்தாச்சு, தை பிறந்ததும் கல்யாணம் வேற. ரெண்டு அடியும் சேர்ந்து விழுது. வாங்குறவங்க 1800 - P, கொண்டுவர்றவங்க 200 + P. விலை 800, அளவு 1000.

விலை ரெட்டிப்பு ஆயிருச்சு, அளவு சாதா நாள் மாதிரி அதே 1000. நாலாவது படி விதிய மட்டும் கைல வச்சிருந்தா இங்க மாட்டிக்குவீங்க, எந்த பக்கமும் போகலையே.

சிக்கல் இன்னும் இருக்கு. பனியே இல்லாத ஒரு முகூர்த்தம், ஆனா அன்னிக்கு லோடு எதுவும் திரும்பி வர வழியில்ல, வந்தது வந்தது தான், 1000 கிலோவ தாண்டாது. டிமாண்ட் 1800 - P. அப்பவும் விலை 800, அளவு 1000. அச்சு அசலா அதே நம்பர். ஒண்ணு ரெண்டு ஷாக் சேர்ந்தது, இன்னொண்ணு வெறும் டிமாண்ட் ஷாக், சப்ளைக்கு கை கால் கட்டியிருந்ததால அடி முழுக்க விலை மேலயே விழுந்திருக்கு. அந்த ஒரு நாள் நோட்ட வச்சு ரெண்டையும் பிரிக்கவே முடியாது, எவ்ளோ பெரிய எகனாமிஸ்ட்டா இருந்தாலும்.

பிரிக்க ஒரு வழி இருக்கு, காத்திருக்கறது. விசேஷம் முடிஞ்ச அடுத்த சாதா நாள் விலைய பாருங்க. டிமாண்ட் மட்டும் தான் காரணம்னா அது போனதும் விலை 400க்கே திரும்பிடும். பனியும் சேர்ந்திருந்தா டிமாண்ட் பழைய 1400 - P க்கு வந்தாலும் சப்ளை இன்னும் 200 + P, விலை 600லயே நிக்கும், அளவு 800க்கு விழும். 800ல இருந்து 600க்கு இறங்கினது பொங்கலோட பங்கு, 600க்கும் 400க்கும் நடுவுல தொங்கறது பனியோட பங்கு.

பக்கத்து பூவ பாக்கறதும் ஒரு வழி, ஆனா பாதி தான் நம்பலாம். ஓசூர் பக்கம் கொட்டகைக்குள்ள வளர்ற ரோஜாவுக்கு பனி அவ்ளோவா உறைக்காது. அதுவும் சேர்ந்து ஏறினா டிமாண்ட் பக்கம் சந்தேகப்படலாம். ஆனா மல்லி எட்டாத விலைக்கு போனதால ஜனங்க ரோஜாவுக்கு தாவினாலும் ரோஜா ஏறும், அது மல்லியோட சப்ளை ஷாக் வழிஞ்சு வந்தது. அதனால இத சாட்சியா வைங்க, தீர்ப்பா வைக்காதீங்க.

6. இப்போ கோட்டுக்கு திரும்பி வாங்க: ஏற்காடு காப்பி

ஏற்காட்டுல காப்பி தோட்டம் வச்சிருக்கற சொந்தக்காரர் ஒருத்தர், எனக்கு மாமா முறை, ஒரு தடவ ரொம்ப உறுதியா சொன்னாரு, "இந்த வருஷம் பூ மழை பேயல மாப்ள, சேர்வராயன் மலை முழுக்க காய் கம்மி, அப்போ விலை ஏறியே ஆகணும்ல?" மார்ச் ஏப்ரல்ல ஒரு மழை விழுந்தா தான் காப்பி செடி ஒண்ணா பூக்கும், அது தவறினா காய் போச்சு. அவர் சொன்னது சுத்தமான சப்ளை ஷாக் லாஜிக். ஆனா விலை அசையல, காய் மட்டும் குறைஞ்சுது.

காரணம் முதல் படில சொன்ன மார்க்கெட் எல்லைக் கோடு. காப்பிக்கு விலை ஏற்காட்டுல முடிவாகறது இல்ல. அராபிகா ரகத்துக்கு நியூயார்க் சந்தை தான் அளவுகோல், உலகத்துலயே அதிகமா விளைவிக்கறது பிரேசில், மூணுல ஒரு பங்குக்கு மேல அங்கிருந்து தான். அந்த கடல்ல ஏற்காடு ஒரு சொம்பு தண்ணி. சொம்ப கவுத்தா கடல் மட்டம் இறங்குமா? அதனால ஏற்காட்டுக்காரர் முன்னாடி இருக்கற டிமாண்ட் கோடு படுத்துக்கிட்டு இருக்கும், அவர் எவ்ளோ கொண்டுபோனாலும் கம்மியா கொண்டுபோனாலும் அதே ரேட்.

இதுக்கு நேர் எதிரா 2024ல பிரேசில்ல வறட்சி. உலக கோட்டுக்குள்ள அது சப்ளை ஷாக், விலை ஏறி 2025 பிப்ரவரில நியூயார்க்ல அராபிகா ஒரு பவுண்டுக்கு 4 டாலர தாண்டுச்சு. ஆனா ஏற்காட்டு கோட்டுக்குள்ள நின்னு பாத்தா? அவர் செடிக்கு ஒண்ணும் ஆகல. எதிர்ல வாங்குறவர் திடீர்னு கூட விலை தர்றாரு. விலை ஏறுது, அவரும் உரம் போட்டு, உதிர்ந்த காய கூட பொறுக்கி, கூட கொண்டுவர பாக்கறாரு. விலையும் அளவும் ஒரே பக்கம். அதாவது பிரேசிலோட சப்ளை ஷாக் ஏற்காட்டுல டிமாண்ட் ஷாக்கா வந்து இறங்குது. கோடு போடாம ஆரம்பிச்சவங்க இங்க தான் ராத்திரி முழுக்க சண்ட போடுவாங்க, ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கும்.

நேரத்தையும் இங்கயே சொல்லிடறேன். காப்பி நாத்து நட்டா மூணு நாலு வருஷம் ஆகும் காய்க்க. அதனால விலை ஏறின முதல் வருஷம் அளவு பெருசா கூடாது, ஏறினது எல்லாம் விலைல தான் தெரியும். அஞ்சாவது படில பாத்த கை கால் கட்டின சப்ளை தான் இது, பூவுல ஒரு நாள் கட்டு, காப்பில வருஷக்கணக்கு கட்டு. "அளவு மாறல, அப்போ டிமாண்ட் ஷாக் இல்ல"ன்னு முடிவு கட்றதுக்கு முன்னாடி அந்த பொருளுக்கு அசையவே எவ்ளோ நாள் வேணும்னு கேளுங்க.

7. நாட்டுக்கு போடறப்போ எத மாத்தணும்

கிலோவுக்கு பதிலா நாட்டோட மொத்த உற்பத்தி, மல்லி விலைக்கு பதிலா விலைவாசி. திசை விதி அதே. உற்பத்திய விலைவாசி கழிச்ச கணக்குல தான் எடுக்கணும், இல்லன்னா ரெண்டாவது படி தப்பு பெரிய சைஸ்ல வரும்.

ஒரே பொருள வச்சு ரெண்டு காலத்த பாருங்க, கச்சா எண்ணெய். 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெய்க்கு தடை போட்டதும் பேரல் சுமார் 3 டாலர்ல இருந்து சில மாசத்துல 12 டாலர் பக்கம் போச்சு. அடுத்த வருஷம் அமெரிக்காவுல விலைவாசி 11 சதவீதம் ஏறுச்சு, உற்பத்தி சுருங்குச்சு. எதிரெதிர், சப்ளை. 2008 ஜூலைல அதே எண்ணெய் 147 டாலர் வரைக்கும் போய் டிசம்பர்ல 40க்கு கீழ விழுந்துச்சு, பாங்க் நெருக்கடில உலகம் முழுக்க வாங்குற கை நின்னுபோச்சு. 2009ல அமெரிக்காவுல விலைவாசி, உற்பத்தி ரெண்டும் சேர்ந்தே இறங்குச்சு. ஒரே பக்கம், டிமாண்ட்.

8. மருந்து எதுன்னு கடைசில தான் கேளுங்க

ரிசர்வ் பாங்க் கைல இருக்கற வட்டி டிமாண்ட் கோட்ட தான் நகர்த்தும். டிமாண்ட் ஷாக்னா நல்லது, வட்டிய ஏத்தினா விலையும் இறங்கும், சூடான உற்பத்தியும் அடங்கும். சப்ளை ஷாக்ல ஏத்தினா விலை கொஞ்சம் இறங்கும், ஆனா ஏற்கனவே விழுந்த உற்பத்தி இன்னும் விழும். நம்ம பனி நாள்லயே போட்டு பாருங்க: சப்ளை 200 + P ஆ இருக்கறப்போ விலைய திரும்ப 400க்கு கொண்டுவரணும்னா டிமாண்ட 1000 - P க்கு இறக்கணும், அப்போ அளவு 600. 1000 கிலோ இருந்த மார்க்கெட் 800 ஆச்சு, நீங்க மருந்து கொடுத்து 600 ஆக்கிட்டீங்க.

2023 ஜூலைல தக்காளி விலை பேயாட்டம் போட்டப்போ நாட்டோட சில்லறை பணவீக்கம் 7.44 சதவீதம், இலக்கோட மேல் எல்லை 6. டிவில எல்லாரும் வட்டி ஏறும்னு கத்தினாங்க. ரிசர்வ் பாங்க் ரெப்போ வட்டிய ஆகஸ்ட்லயும் அக்டோபர்லயும் 6.5லயே வச்சிருந்துச்சு. தக்காளி ரெண்டு மூணு மாசத்துல அடுத்த காய் வந்துரும். செப்டம்பர்ல பணவீக்கம் 5.02க்கு இறங்கிருச்சு.

எப்பவும் இப்படி கண்டுக்காம விட்டுட முடியாது. சப்ளை ஷாக் கூலிக்குள்ள புகுந்துச்சுன்னா கதை மாறும். இத பாக்க நோட்டுல நாலாவதா ஒரு காலம் போட்டுக்கோங்க: பூ கட்டுற கூலி. பனில மல்லி ஏறும், கோடைல இறங்கும், ஆனா கட்டுற அக்கா "எல்லாம் விலை ஏறிப்போச்சு சார், கட்டுபடியாகல"ன்னு ஒரு தடவ கூலிய ஏத்திட்டாங்கன்னா மல்லி இறங்கினாலும் அது இறங்காது. மல்லி விலை பழைய இடத்துக்கு வந்தப்புறமும் முழம் விலை பழைய இடத்துக்கு வரலன்னா, செடில பட்ட அடி கூலிக்கு தாவிருச்சுன்னு அர்த்தம்.